‘விவரம் அனுப்பி வைங்க’ என்கிறாரா? பேச்சின் சூடு ஆறாமல் பதில் சொல்ல நான்கு வழிகள்: எது எப்போது?

கடந்த மார்ச் மாதம், ஒரு திங்கட்கிழமை, பிற்பகல் 3.45. வாழையிலைச் சாப்பாட்டுக் கடை முதலாளிகளைப் போனில் பிடிக்க அதுதான் நேரம். 12 மணியிலிருந்து 2.30 வரை கல்லாவை விட்டு நகர மாட்டார்கள். 5 மணிக்கு மேல் இரவு வியாபாரத்துக்கான வேலை தொடங்கிவிடும். நான் கூப்பிட்டவர் பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல், கிள்ளான் என மூன்று இடத்தில் கடை வைத்திருப்பவர். நான் விற்பது பில்லிங் முறை: கல்லாவில் ஒரு திரை, சமையலறையில் ஒரு பிரிண்டர், பின்னால் கணக்கும், வரி வாரியத்துக்குப் போக வேண்டிய இ-இன்வாய்ஸும் பார்த்துக்கொள்ளும் மென்பொருள்.

இரண்டு நிமிடம் பேசியிருப்பேன். “சரி தம்பி, விவரத்த வாட்ஸ்அப்புல அனுப்பி வைங்க. பார்த்துட்டு நானே கூப்புடுறேன்” என்றார்.

இதற்குப் பிறகு நடப்பது விற்பனையில் இருக்கும் எல்லாருக்கும் மனப்பாடம். அனுப்புவோம். இரண்டு நீலக் கோடு விழும். மூன்றாம் நாள் “அண்ணே, பார்த்தீங்களா?” என்போம். “இன்னும் இல்ல தம்பி, கொஞ்சம் பிஸி” என்பார். அடுத்த வாரம் அந்தப் பதிலும் வராது.

எங்கள் லைனுக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான்: அவர் கேட்டபடி அனுப்புவதா, பிடிவாதமாக நேரில் போவதா, இல்லை வேறு ஏதாவது சொல்வதா? நான் பார்த்த வரை நான்கு வழிகள் இருக்கின்றன. நான்கையும் இதே வாழையிலைக் கடைக்காரரை வைத்து எடைபோட்டுப் பார்க்கலாம்.

முதலில், அவர் என்ன சொல்கிறார்?

அந்த ஒரு வாக்கியத்துக்கு மூன்று பொருள் உண்டு. முதலாவது, “வேண்டாம்.” நம் ஆட்கள் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்லத் தயங்குவார்கள். யாராவது தெரிந்தவர் சொல்லி நாம் போயிருந்தால் இன்னும் கஷ்டம். ஆகவே விவரம் கேட்பது நம்மை மரியாதையாக வாசல் வரை கொண்டுவந்து விடும் ஒரு முறை. இரண்டாவது, “எனக்குச் சரி, ஆனால் முடிவு என் கையில் மட்டும் இல்லை.” மனைவியிடமோ, பங்காளியிடமோ, கணக்குப் பார்ப்பவரிடமோ காட்ட அவருக்கு ஏதாவது வேண்டும். மூன்றாவது, “நீ சொன்னது பாதிதான் புரிந்தது, கண்ணால் பார்த்தால்தான் கேள்வியே வரும்.”

மூன்றும் ஒரே குரலில்தான் வரும். குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று நானும் நம்பியிருக்கிறேன். மிக அன்பாகப் பேசியவர் திரும்பிப் பார்க்கவில்லை. எரிந்து விழுந்தவர் மூன்றாம் வாரம் காசோலை கொடுத்தார். அதன் பிறகு குரலை நம்புவதை விட்டுவிட்டேன்.

எதை வைத்து எடைபோடுவது?

நான் பார்ப்பது நான்கு. அந்த மூன்று பொருளில் எது என்று இந்தப் பதிலால் எனக்குத் தெரியவருமா? அடுத்த பேச்சுக்கு ஒரு நாளும் நேரமும் நிற்குமா? நான் இல்லாத இடத்தில், அதாவது அவர் வீட்டு மேசையிலோ கணக்காளர் அலுவலகத்திலோ, நான் அனுப்பியது எனக்காகப் பேசுமா? கடைசியாக, எனக்கு ஆகும் செலவு. இதில் நேரமும் பெட்ரோலும் மட்டும் கணக்கில்லை. விலை வெளியே கசிவதும் செலவுதான், அவர் முகம் சுளிப்பதும் செலவுதான்.

வழி 1: கேட்டதும் முழுவதையும் அனுப்பிவிடுவது

எங்கள் நிறுவனத்து பி.டி.எஃப் 14 பக்கம். அனுப்ப ஒரு நிமிடம் ஆகாது. அவர் கேட்டதைத்தான் கொடுக்கிறோம், ஆகவே மனத்தாங்கலும் இல்லை. இந்த வழியின் நல்லது அவ்வளவோடு முடிகிறது.

என் முதல் அளவுகோலில் இது பூஜ்யம். அனுப்பிய பிறகும் மூன்று பொருளில் எது என்று எனக்குத் தெரியாது. இரண்டாவதிலும் பூஜ்யம்: “பார்த்துட்டு நானே கூப்புடுறேன்” என்று பந்து அவர் கையில் போய்விட்டது. மூன்றாவதில் ஏமாற்றம். 14 பக்கத்தில் அவர் கடைக்கு வேண்டியது ஒரு பக்கம்தான். மீதி மினி மார்க்கெட்டுக்கும் சலூனுக்கும் எழுதியது. வாட்ஸ்அப்பில் கோப்பைத் திறக்கும் முன்பே பக்க எண்ணிக்கை கண்ணில் படும். கல்லாவில் நின்றபடி 14 என்ற எண்ணைப் பார்ப்பவர் “ராத்திரி பார்க்கலாம்” என்று வைப்பார். ராத்திரி கடையைக் கழுவி மூடி வீட்டுக்குப் போகும்போது மணி 12.

மறைந்திருக்கும் செலவு இன்னொன்று. சில வருடங்களுக்கு முன் கிள்ளானில் ஒரு ஹார்ட்வேர் கடைக்கு, கேட்டார் என்று முழு விலைப்பட்டியலையும் அனுப்பினேன். அவருக்கு ஏற்கெனவே ஒரு சப்ளையர் உண்டு. இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டபோது, “உங்க விலையைக் காட்டினேன் தம்பி, பழைய ஆளே குறைச்சிக் கொடுத்துட்டாரு” என்று சந்தோஷமாகச் சொன்னார். அவர்மேல் தப்பில்லை, வியாபாரி அப்படித்தான் செய்வார். பேரம் பேசும் கத்தியை நானே தீட்டிக் கொடுத்திருக்கிறேன்.

ஆனால் இந்த வழியே சரியான வழியாக இருக்கும் இடமும் உண்டு. கோயில் நிர்வாகக் குழு, தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம், ஷா ஆலாமில் கொள்முதல் பிரிவு வைத்திருக்கும் தொழிற்சாலை. இங்கெல்லாம் விவரம் கேட்பவர் முடிவு எடுப்பவர் இல்லை. கூட்டத்தில் மூன்று குவோட்டேஷன் வைக்க வேண்டும் என்பதால் கேட்கிறார். அவருக்கு வேண்டியது முழுமையான காகிதம்: நிறுவனப் பதிவு எண், பொருள்வாரி விலை, விலை எத்தனை நாள் செல்லும், உத்தரவாதம், பணம் கட்டும் முறை. அங்கே போய் அழகாக ஒரு பக்கம் மட்டும் அனுப்பினால், ‘விவரம் போதவில்லை’ என்று முதலில் ஓரங்கட்டப்படுவது நம்முடையதாகத்தான் இருக்கும். அவரிடம் கேட்க வேண்டிய ஒரே கேள்வி, “கூட்டம் எந்தத் தேதி?” என்பது. நாம் நாள் குறிக்கத் தேவையில்லை, அவர்களே குறித்து வைத்திருப்பார்கள். கூட்டத்துக்கு மறுநாள் கூப்பிட்டால் போதும்.

வழி 2: போனிலேயே ஒரு கேள்வி, பிறகு ஒரே பக்கம்

வாழையிலைக் கடைக்காரரிடம் நான் எடுத்தது இந்த வழி. அவர் விவரம் அனுப்பச் சொன்னதும் மறுக்கவில்லை. முதலில் சரி என்று சொல்லிவிட வேண்டும். அதில் கஞ்சத்தனம் பிடித்தால் அடுத்த கேள்வி அவர் காதில் ஏறாது.

“கண்டிப்பா அனுப்புறேன் அண்ணே. மொத்தம் 14 பக்கம் இருக்கு, உங்களுக்கு வேணாததை அனுப்பி எதுக்குப் போனை நிறைக்கணும். மூனு கடைக் கணக்கை ஒன்னா பார்க்கிறது, கவுண்டர்ல இ-இன்வாய்ஸ் கேக்குறவங்க, இதுல எது இப்போ உங்களுக்குத் தலைவலி?”

கேள்வியை இப்படி இரண்டு தேர்வோடு கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. “உங்களுக்கு எந்த மாதிரி விவரம் வேண்டும்?” என்று பொதுவாகக் கேட்டால், “எல்லாத்தையும் அனுப்புங்க” என்பார். யோசிக்கச் சொல்லும் கேள்வி அவருக்கு வேலை. இரண்டில் ஒன்றைத் தொடச் சொல்லும் கேள்வி வேலை இல்லை. இரண்டும் தப்பு என்றால், “அது இல்ல தம்பி” என்று சரியானதைத் தானே சொல்வார். அதுவும் நமக்கு லாபம்தான்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு வந்தது. “அந்த இன்வாய்ஸ்தான் லா. ஆபீஸ்காரங்க பத்து பேரு வந்து சாப்புடுறாங்க, கம்பெனி பேருல இன்வாய்ஸ் குடுன்னு நிக்கிறாங்க. பின்னால கியூ நிக்குது. அவங்க வரி டின் நம்பரை நோட்டுல எழுதி வாங்கி வெச்சிட்டு, ராத்திரி என் அக்கா மகன் உக்காந்து ஒவ்வொன்னா அடிக்கிறான்.”

ஆண்டு விற்பனை 1 மில்லியன் வெள்ளிக்கு மேல் 5 மில்லியன் வரை உள்ள வியாபாரங்களுக்கு இ-இன்வாய்ஸ் 2026 ஜனவரி 1 முதல் வந்தது. மூன்று கடை சேர்ந்தால் அவர் அந்தக் கட்டத்தில் இருக்கிறார். இதை நான் அவருக்குச் சொல்லித்தரத் தேவையில்லை, ஒவ்வொரு மதியமும் கல்லாவில் அனுபவிக்கிறார். எனக்குக் கிடைத்தது வேறு. இது வாசல்வரை வழியனுப்பும் பேச்சு இல்லை என்று தெரிந்தது. கூடவே, நான் கேட்காமலே இன்னொரு ஆள் வெளியே வந்தார்: அக்கா மகன். இரவில் உட்கார்ந்து தட்டுவது அவர் என்றால், நான் அனுப்புவதைப் படிக்கப்போவதும் அவர்தான்.

“அப்போ அவரும் பார்க்கணுமே அண்ணே. அவருக்கும் சேர்த்து ஒரே பக்கமா எழுதி இன்னைக்கே அனுப்புறேன். வெள்ளிக்கிழமை இதே நேரம் கூப்பிட்டா ரெண்டு பேரும் இருப்பீங்களா?”

“வெள்ளிக்கிழமையா? அன்னைக்கு சைவக் கூட்டம், மூச்சு விட முடியாது. புதன்கிழமை கூப்புடு.”

கிழமையை அவர் வாயால் வாங்கியாயிற்று. அதுவும் நான் கேட்டதைவிட இரண்டு நாள் முன்னால். அன்று மாலை நான் அனுப்பியது இது:

> அண்ணே, வணக்கம். இன்று பேசியபடி, கவுண்டரில் இ-இன்வாய்ஸ் கேட்பவர்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.
>
> இப்போது: டின் நம்பர் நோட்டில் ஏறுகிறது. இரவில் உங்கள் மருமகன் மறுபடியும் அடிக்கிறார்.
>
> எங்கள் முறையில்: பில்லின் அடியில் ஒரு கியூ.ஆர். கட்டம் வரும். சாப்பிட்டவர் அதைத் தன் போனில் ஸ்கேன் செய்து, கம்பெனி விவரத்தை அவரே நிரப்பிக்கொள்வார். கல்லாவில் நிற்கத் தேவையில்லை. கேட்காதவர்களின் பில்கள் எல்லாம் மாதம் முடிந்ததும் ஒரே இ-இன்வாய்ஸாகச் சேர்ந்து போகும்.
>
> உங்கள் 3 கடைக்கும் சேர்த்து மாதம் 540 வெள்ளி. பொருத்துவதற்கு ஒரு முறை 3,600 வெள்ளி. மெனுவை உங்கள் ஆள் ஏற்றினால் அதற்குக் காசில்லை, நாங்கள் ஏற்றினால் கடைக்கு 300.
>
> எனக்கு ஒன்று தெரிய வேண்டும்: இப்போதுள்ள மெஷினின் ஒப்பந்தம் எந்த மாதம் முடிகிறது?
>
> புதன் 3.45க்குக் கூப்பிடுகிறேன். மருமகனும் இருந்தால் நல்லது.

கீழே ஒரு பில்லின் படம், அவ்வளவுதான். இதில் இரண்டு விஷயம் பற்றி எங்களுக்குள்ளேயே வாக்குவாதம் நடக்கும். ஒன்று, விலையைப் போடலாமா? என் கூட்டாளி போடக் கூடாது என்பார், விலைக்காகவாவது போனை எடுப்பார் என்பது அவர் கணக்கு. நான் போடுவேன். விலை இல்லாத காகிதத்தைப் பார்த்தால் அக்கா மகன் கேட்கும் முதல் கேள்வியே “எவ்வளவாம்?” என்றுதான் இருக்கும், அதற்குப் பதில் சொல்ல நான் அங்கே இருக்க மாட்டேன். ஆனால் போடுவது அவருடைய மூன்று கடைக்கான மொத்தத் தொகையை மட்டும். பொருள்வாரிப் பட்டியல் போகாது. மொத்தத் தொகையைப் பழைய சப்ளையரிடம் காட்டி வரிக்கு வரி பேரம் பேசுவது கஷ்டம்.

இன்னொன்று, கடைசிக் கேள்வி. ஒப்பந்தம் முடியும் மாதத்தை நான் போனிலேயே கேட்டிருக்கலாம். வேண்டுமென்றேதான் மிச்சம் வைத்தேன். பதில் சொல்ல ஒன்று பாக்கி இருந்தால், புதன்கிழமை நான் கூப்பிடுவதற்கு அவர் பக்கத்திலும் ஒரு காரணம் இருக்கும்.

இந்த வழிக்கும் செலவு உண்டு. அந்த ஒரு பக்கத்தை எழுத எனக்கு அரை மணி நேரம் ஆயிற்று. ஒரு நாளில் இருபது பேரைக் கூப்பிடுபவரால் எல்லாருக்கும் இதைச் செய்ய முடியாது. மாதம் 50 வெள்ளிக்கு விற்கும் பொருளுக்கு இந்த உழைப்பு கட்டாது. நேரம் தப்பினாலும் கெட்டுவிடும். மதியம் 1 மணிக்கு இதே கேள்வியைக் கேட்டிருந்தால், “அனுப்புன்னா அனுப்பு தம்பி” என்று வைத்திருப்பார். அப்படித் தவறான நேரத்தில் மாட்டிக்கொண்டால், தலைவலி எது என்ற கேள்வியை விட்டுவிட்டு “3.45க்குக் கூப்பிடவா அண்ணே?” என்று மட்டும் கேட்பது நல்லது.

அவர் கேள்விக்குப் பிடியே கொடுக்காமல், “எல்லாத்தையும் அனுப்புங்க, எது எதுன்னு அப்புறம் பார்க்கலாம்” என்றால்? ஒரு முறை மாற்றிக் கேட்டுப் பார்ப்பேன். அப்போதும் அதே பதில் என்றால், அது பெரும்பாலும் முதல் பொருள்தான். இரண்டு வரியும் ஒரு படமும் அனுப்பிவிட்டு அடுத்த எண்ணுக்குப் போவேன்.

வழி 3: “நேர்ல கொண்டாந்து காட்டுறேன் அண்ணே”

எங்கள் பழைய ஆட்கள் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். காகிதம் விற்காது, முகம்தான் விற்கும் என்பார்கள். பாதி உண்மை. நேரில் போனால் போனில் தெரியாதது தெரியும்: கல்லா மேல் கிராப்ஃபூட் டேப்லெட், இன்னொரு டெலிவரி ஆப்பின் டேப்லெட், நடுவில் எண்ணெய்க் கறை படிந்த நோட்டு. அந்த நோட்டைப் பார்த்தாலே என்ன விற்க வேண்டும் என்று புரிந்துவிடும். அவருடைய மெனுவையே என் டேப்லெட்டில் ஏற்றிக்கொண்டு போய், மட்டன் வறுவலைத் தட்டினால் சமையலறைச் சீட்டு எப்படி வருகிறது என்று காட்டினால், மூன்றாவது பொருள்காரர், அதாவது பார்த்தால்தான் புரியும் என்பவர், அங்கேயே கேள்வி கேட்கத் தொடங்குவார்.

ஆனால் விவரம் கேட்டவருக்கு வருகை கொடுப்பது, அவர் கேட்டதைவிட அதிகம் கேட்பது. தண்ணீர் கேட்டவர் முன்னால் தலைவாழை இலை போட்டால் சந்தோஷப்படுபவரும் உண்டு, எழுந்து ஓடுபவரும் உண்டு. பெட்டாலிங் ஜெயாவிலிருந்து கிள்ளானுக்குப் போய் வந்தால் பார்க்கிங் தேடுவது உட்பட எனக்கு அரை நாள் போய்விடும்.

கண்ணுக்குத் தெரியாத செலவு நம் விருந்தோம்பல். போனால், “பசியாறிட்டீங்களா தம்பி?” என்று உட்கார வைப்பார்கள். தே தாரே வரும், கூடவே வடை வரும். ஒரு மணி நேரம் ஊர்க்கதை ஓடும். “பார்ப்போம் தம்பி” என்று தோளில் தட்டி அனுப்புவார்கள். வயிறும் மனசும் நிறைந்து காடியில் ஏறுவோம், ஆனால் மூன்று பொருளில் எது என்று அப்போதும் தெரிந்திருக்காது. முகத்துக்கு நேரே மறுப்பது போனில் மறுப்பதைவிடக் கடினம். அதனால் நேரில் வரும் ‘பார்ப்போம்’ இன்னும் மங்கலாகத்தான் இருக்கும்.

ஆகவே தொகை பெரிதாக இருந்தால், பொருள் கண்ணால் பார்க்க வேண்டியதாக இருந்தால், அல்லது அதே தெருவில் எனக்கு வேறு வேலை இருந்தால் மட்டும் இந்த வழி. அதுவும் அளவு சொல்லி: “புதன்கிழமை எப்படியும் செந்தூல் பக்கம் வர்றேன். 10 நிமிஷம், உங்க மெனுவையே போட்டுக் காட்டிட்டுக் கிளம்பிடுறேன்.”

வழி 4: “வேணாம்னா இப்பவே சொல்லிடலாம் அண்ணே”

நேராகக் கேட்டுவிடுவது. “தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே. இப்போ வேணாம்னா தாராளமா சொல்லுங்க, அதுக்கப்புறம் தொந்தரவு பண்ண மாட்டேன். பார்க்கணும்னு இருந்தா, எதைப் பார்க்கணும்னு மட்டும் சொல்லுங்க.” முதல் அளவுகோலில் இதை அடிக்க வேறு வழி கிடையாது. அதே மூச்சில் பதில் கிடைத்துவிடும்.

முதல் பேச்சிலேயே இதைக் கேட்பதை நான் விரும்புவதில்லை. வயதில் பெரியவர், அதுவும் யாரோ சொல்லி அறிமுகமானவர் என்றால், “பையன் என்ன வெடுக்குன்னு பேசுறான்” என்று அறிமுகப்படுத்தியவரிடம் போய் நிற்கும். கோலாலம்பூர் பெரிய ஊர்தான், ஆனால் நம் வியாபார வட்டம் சின்னது. என் வயதுக்காரரிடமோ, ஏற்கெனவே ஒரு முறை விவரம் வாங்கிவிட்டு மறுபடியும் விவரம் கேட்பவரிடமோ தயங்காமல் கேட்பேன். வேண்டாம் என்று வந்தால் ஒரே ஒரு கேள்வி மிச்சம்: “இப்போ இருக்கிற மெஷின் ஒப்பந்தம் எப்போ முடியுது?” அந்த மாதத்தைக் குறித்துக்கொண்டு அதுவரை அவர் பக்கம் போவதில்லை.

ஒரே பார்வையில்

| | பொருள் தெரியுமா | நாள் நிற்குமா | நாம் இல்லாதபோது பேசுமா | மறைந்த செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|---|---|
| 1. முழுவதும் அனுப்புவது | தெரியாது | நிற்காது | குழுவிடம் பேசும், கடைக்காரரிடம் பேசாது | விலை கசியும் | மூன்று குவோட்டேஷன் கேட்கும் குழு, கொள்முதல் பிரிவு |
| 2. ஒரு கேள்வி, ஒரு பக்கம் | பெரும்பாலும் | நிற்கும் | நன்றாகப் பேசும் | ஆளுக்கு அரை மணி நேரம் | முதலாளியே நடத்தும் கடைகள் |
| 3. நேரில் காட்டுவது | சில நேரம் | வருகைக்கு நிற்கும், அதன் பிறகு சந்தேகம் | பேசாது | அரை நாள், மங்கலான ‘பார்ப்போம்’ | பெரிய தொகை, பார்த்தால்தான் புரியும் பொருள் |
| 4. நேராகக் கேட்பது | உடனே | ஆம் என்றால் நிற்கும் | அனுப்ப எதுவும் இல்லை | அறிமுகம் செய்தவரின் மனத்தாங்கல் | இரண்டாம் முறை விவரம் கேட்பவர் |

நாள் குறித்த பிறகும் போனை எடுக்காவிட்டால்

குறித்த நேரத்தில் ஒரு முறை கூப்பிடுவேன். எடுக்கவில்லை என்றால் அன்றே ஒரு செய்தி, ஆனால் “பார்த்தீங்களா?” என்று ஒருபோதும் கேட்பதில்லை. அந்தக் கேள்வி அவரைப் பாடம் படிக்காத பிள்ளையாக ஆக்கிவிடுகிறது. அதற்குச் சாக்குத்தான் பதிலாக வரும். அதற்குப் பதில் புதிதாக ஒன்று சேர்த்து அனுப்புவேன்: மாதக் கடைசியில் சேர்த்து அனுப்ப வேண்டிய இ-இன்வாய்ஸுக்கு மாதம் முடிந்து 7 நாள்தான் அவகாசம், அந்த 7 நாளில் மூன்று கடைக் கணக்கும் எப்படி ஒன்று சேர்கிறது என்று இரண்டு வரி. ஒரு வாரம் கழித்து இன்னொரு முறை கூப்பிடுவேன். அதற்கும் சத்தம் இல்லை என்றால் வழி 4-ஐ எழுத்தில் அனுப்பிவிட்டுக் கோப்பை மூடிவிடுவேன். “இப்போ வேணாம் தம்பி, அடுத்த வருஷம்” என்ற நேர்மையான பதில் பெரும்பாலும் அந்தக் கடைசிச் செய்திக்குத்தான் வரும்.

வாழையிலைக் கடைக்காரர் புதன்கிழமை போனை எடுத்தார். அக்கா மகனும் பக்கத்தில் இருந்தார், போன் ஸ்பீக்கரில். அவர் கேட்ட முதல் கேள்விக்கு என் ஒரு பக்கத்தில் பதில் இல்லை: “லைன் போச்சுன்னா பில் அடிக்க முடியுமா?” முடியும், பில் மெஷினிலேயே தங்கி, லைன் வந்ததும் ஏறும் என்றேன். அதை எழுதாமல் விட்டது என் தப்பு. பார்த்தால்தான் நம்புவேன் என்றார், ஆகவே வழி 3-உம் வேண்டியதாயிற்று. மறுவாரம் செந்தூல் கடையில், வைஃபையைப் பிடுங்கிவிட்டு மூன்று பில் அடித்துக் காட்டினேன்.

மிச்சம் வைத்த கேள்விக்கும் பதில் வந்தது. பிரிக்ஃபீல்ட்ஸ், செந்தூல் இரண்டிலும் பழைய மெஷினுக்கு ஒப்பந்தம் கிடையாது. கிள்ளானில் மட்டும் இன்னும் எட்டு மாதம் இருந்தது. அதனால் இரண்டு கடைக்கு மட்டும் கையெழுத்து, மாதம் 360 வெள்ளி, பொருத்த 2,400. மெனு ஏற்றும் 300-ஐ இரண்டு கடைக்கும் தள்ளச் சொன்னார், தள்ளினேன். முதல் போனிலிருந்து கையெழுத்து வரை 23 நாள். கிள்ளான் கடைக்கு நவம்பரில், தீபாவளிக் கூட்டம் ஓய்ந்த பிறகு கூப்பிடச் சொல்லியிருக்கிறார். எந்த நேரம் என்று நான் கேட்கவில்லை. “3.45க்குத்தானே கூப்புடுவ” என்றார்.